பொருள்: தேடலில் எங்கள் விடுதிக்குப் பிழையான விவரம்

வணக்கம் தம்பி,

நேற்று கொழும்பிலிருந்து ஒரு அம்மா கோல் எடுத்து, "இரவில் குளிருமா, ஸ்வெட்டர் கொண்டு வரவா?" என்று கேட்டார். கல்லடியில் குளிரா! கூகுளில் தேடிப் பார்த்தேன். விடுதியின் பெயர் சரி. கீழே உள்ள விவரம்தான் வேறு யாருடையதோ. எங்கள் பக்கத்தைத் திறந்தால் அந்த வரி எங்குமே இல்லை. மருமகன் பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து இதைக் காட்டினான்:

```
<meta name="description" content="தேயிலைத் தோட்டத்தின் நடுவே அமைதியான தங்குமிடம்">
```

நீங்கள் முன்பு செய்த வேறொரு தளத்திலிருந்து இது அப்படியே வந்துவிட்டதா? "மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்கு நடந்தே போகலாம், 6 அறைகள்" என்று மாற்றிவிடுங்கள். அப்புறம் Search Console இல் பக்கத்தை மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? பள்ளிக்கூட லீவு வருகிறது. பிழையான விவரத்தைப் பார்த்து ஆட்கள் வேறு இடம் போவதுதான் எனக்குக் கவலை.

நன்றி,
விடுதி உரிமையாளர், கல்லடி