கற்பித்தல் பயிற்சிக்கான உடன்படிக்கை: கல்வியியல் கல்லூரியும் பயிற்சிப் பள்ளியும்

2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமை அன்று சோழவந்தானில் எழுதிக்கொண்டது. மதுரை நாகமலை புதுக்கோட்டைப் பகுதியில் இயங்கும் கல்வியியல் கல்லூரி (இனி ‘கல்லூரி’) ஒரு தரப்பு. சோழவந்தானில் உள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி (இனி ‘பள்ளி’) மறு தரப்பு. கல்லூரிக்காக அதன் முதல்வரும், பள்ளிக்காகத் தலைமையாசிரியரும் கையெழுத்திடுகிறார்கள்.

1. எதற்காக, எவ்வளவு காலம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளி சார்ந்த பயிற்சிக்குக் குறைந்தது 20 வாரங்கள் ஒதுக்க வேண்டும். அதில் 4 வாரங்கள் முதலாம் ஆண்டிலேயே முடிந்துவிட்டன. மீதி 16 வாரங்களுக்கானது இந்த உடன்படிக்கை. ஜூலை 14, திங்கட்கிழமை தொடங்கி, 80 பள்ளி வேலை நாட்கள் முடியும்வரை பயிற்சி நடக்கும். காலாண்டு விடுமுறை, தீபாவளி, உள்ளூர் விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒருவரும் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது.

2. வருபவர்கள்

இரண்டாம் ஆண்டு மாணவ ஆசிரியர்கள் ஆறு பேர்: தமிழுக்கு இருவர், ஆங்கிலம், கணிதம், உயிரியல், வரலாறு ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். 6 முதல் 9 வரையிலான வகுப்புகள் மட்டுமே இவர்களுக்கு. 10, 12ஆம் வகுப்புகளில் பின்னால் உட்கார்ந்து கவனிக்கலாம், பாடம் எடுக்கக் கூடாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை வைத்துப் பாடம் எடுத்துப் பழகுவதை இரு தரப்பும் விரும்பவில்லை.

3. மாணவ ஆசிரியர் மாற்று ஆசிரியர் அல்ல

இந்த உடன்படிக்கையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் போனார், ஒரு பணியிடம் காலியாக இருக்கிறது என்றதும் “அந்தப் பி.எட். பிள்ளையை அனுப்புங்கள்” என்று சொல்லிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். கூட்டம் கூட்டமாக இரண்டு பிரிவுகளை ஒரே அறையில் உட்காரவைத்து, கத்தியே தொண்டை கட்டிப்போன மாணவ ஆசிரியர் கற்றுக்கொள்வது எதுவும் இல்லை. ஆகவே:

மாணவ ஆசிரியருக்கு ஒரு நாளில் மூன்று பாடவேளைக்கு மேல் கொடுக்கக் கூடாது. தன் பாடம் அல்லாத வகுப்பை ‘பார்த்துக்கொள்ள’ அனுப்பக் கூடாது. எமிஸ் பதிவேற்றம், சத்துணவுக் கணக்கு, தேர்வுக் கட்டணம் வாங்குவது போன்ற அலுவலக வேலைகளுக்கு அழைக்கக் கூடாது. இவை எப்படி நடக்கின்றன என்று உடனிருந்து பார்ப்பது வேறு, அதற்குத் தடையில்லை. ஒரே நாளில் நான்கைந்து ஆசிரியர்கள் வராமல் நெருக்கடி ஏற்பட்டால், தலைமையாசிரியர் கல்லூரியின் மேற்பார்வையாளரிடம் போனில் சொல்லிவிட்டு ஒரு பாடவேளைக்கு மட்டும் உதவி கேட்கலாம். அப்போதும் பக்கத்து அறையில் ஒரு நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டும்.

4. வகுப்பறைக்குள் படிப்படியாக

முதல் வாரம் கவனிப்பு மட்டுமே. பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் பாடம் எடுக்க, மாணவ ஆசிரியர் கடைசி பெஞ்சில் இருந்து குறிப்பு எழுதுவார். யார் பதில் சொன்னார்கள் என்பதைவிட, யார் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை எழுதச் சொல்லியிருக்கிறோம். அடுத்த இரண்டு வாரம் இருவரும் சேர்ந்து எடுப்பார்கள். அப்புறம்தான் தனி வகுப்பு.

பாடக்குறிப்பை முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தில்லாத பாடக்குறிப்போடு வகுப்பு எடுக்க முடியாது. மொத்தமாக ஒரு வாரக் குறிப்பைக் கொடுத்து ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இங்கே செல்லாது.

5. மேற்பார்வை

ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு இரண்டு மாணவ ஆசிரியர்களுக்கு மேல் இல்லை. தனி வகுப்புகளில், வாரத்துக்குக் குறைந்தது மூன்று பாடவேளைகள் முழுவதும் அவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்த அன்றே, கவனிப்பு நோட்டில் எழுத வேண்டும். ‘நன்று’, ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுதினால் அதைக் கவனிப்பாகக் கல்லூரி ஏற்காது. எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: “பின்னக் கூட்டலைப் பலகையில் செய்து காட்டியபோது நீங்கள் மறைத்துக்கொண்டு நின்றீர்கள், இடதுபுற வரிசைக்கு மூன்றாவது படி தெரியவில்லை. கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.” குறை சொல்வதைப் பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாது, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கல்லூரியின் மேற்பார்வையாளர் ஒவ்வொரு மாணவ ஆசிரியரையும் இரு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, டீ குடித்துவிட்டுப் போவது வருகையாகாது. ஒரு பாடவேளை முழுவதும் இருந்து, பிறகு வழிகாட்டி ஆசிரியரோடும் பேச வேண்டும். இருவரின் கருத்தும் முரண்பட்டால், அந்த மாணவ ஆசிரியரை இடையில் சிக்கவைக்காமல், அவர்கள் இருவரும் தலைமையாசிரியர் முன்னிலையில் பேசித் தீர்க்க வேண்டும். மதிப்பெண் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக விதிப்படி. வழிகாட்டி ஆசிரியரின் நோட்டைப் பார்க்காமல் கல்லூரி மதிப்பெண் போடாது.

6. பிள்ளைகளின் பாதுகாப்பு

அடிப்பதும், திட்டி அவமானப்படுத்துவதும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. வழக்கமான ஆசிரியரே கம்பு வைத்திருந்தாலும் மாணவ ஆசிரியருக்கு அது சாக்காகாது. பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை சொன்னாலோ, சந்தேகம் எழுந்தாலோ, அன்றே தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு காவல் துறைக்குத் தகவல் தருவதை எல்லோருக்கும் கடமையாக்குகிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடித்துவைக்கும் வேலைக்கு இங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஊர், தெரு, அப்பா பெயர் என்று சுற்றி வளைத்துப் பிள்ளையின் சாதியை விசாரிப்பது, கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பேசுவது, வகுப்பில் அதற்கேற்ப உட்காரவைப்பது எல்லாம் பயிற்சியை உடனே நிறுத்தும் குற்றங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும்படி போட்டோ, ரீல்ஸ் எடுக்கக் கூடாது. பயிற்சி ஏட்டுக்குப் படம் வேண்டுமென்றால் கரும்பலகையையும் கற்பித்தல் துணைக்கருவியையும் எடுக்கலாம்.

7. வருகை, உடை, பணம்

காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் வர வேண்டும். மதுரை பஸ் தாமதமானால் மாதம் இருமுறை பொறுத்துக்கொள்வோம். விடுப்பு எடுத்த நாட்களைக் கடைசியில் சேர்த்து முடிக்க வேண்டும். உடை கண்ணியமாக இருந்தால் போதும். சேலைதான் கட்ட வேண்டும் என்று பள்ளி கேட்காது.

பள்ளி கட்டணம் வாங்காது. கடைசி நாளில் பீரோ, சுவர்க் கடிகாரம், ஆசிரியர்களுக்கு விருந்து என்று மாணவ ஆசிரியர்களிடம் வசூலிக்கும் வழக்கத்தை இரு தரப்பும் கைவிடுகின்றன. யாராவது விரும்பி நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தால் பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

8. பிரச்சினை வந்தால்

மாணவ ஆசிரியர் முதலில் வழிகாட்டி ஆசிரியரிடமும், பிறகு மேற்பார்வையாளரிடமும் சொல்லலாம். வழிகாட்டி மீதே புகார் என்றால் நேராகக் கல்லூரி முதல்வரிடம் போகலாம்; அதற்காக மதிப்பெண் குறையாது. ஒருவரை இடையில் நிறுத்த வேண்டுமானால், பள்ளி காரணத்தை எழுத்தில் தந்து, அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பு சார்ந்ததாக இருந்தால் அன்றே நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். எந்தத் தரப்பும் 15 நாள் முன்னறிவிப்போடு இந்த உடன்படிக்கையிலிருந்து விலகலாம். ஆனால் அந்த ஆறு பேருக்கும் வேறு பள்ளி கிடைக்கும்வரை பயிற்சி இங்கேயே தொடரும்.

இரண்டு பிரதிகள், தரப்புக்கு ஒன்று. மாணவ ஆசிரியர்கள் ஆறு பேரும், வழிகாட்டி ஆசிரியர்களும் படித்துப் பார்த்து இணைப்புத் தாளில் கையெழுத்திட்டுள்ளனர்.

(ஒப்பம்) முதல்வர், கல்வியியல் கல்லூரி, முத்திரையுடன்
(ஒப்பம்) தலைமையாசிரியர், மேல்நிலைப்பள்ளி, முத்திரையுடன்
சாட்சிகள்: கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளர், பள்ளியின் உதவித் தலைமையாசிரியர்