24 ஜனவரி உளச்சார்புப் பரீட்சை: நேரத்தை உறுதி செய்தலும் சில தொழில்நுட்ப விளக்கங்களும்

பெறுநர்: ஆட்சேர்ப்புப் பிரிவு
திகதி: 19 ஜனவரி 2026
பொருள்: கணக்குப் பிரிவுப் பயிலுநர், விண்ணப்ப இலக்கம் 0417, இணையவழிப் பரீட்சை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கணக்குப் பிரிவுப் பயிலுநர் பதவிக்கான இணையவழி உளச்சார்புப் பரீட்சைக்கு என்னை அழைத்து நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் இன்று காலை கிடைத்தது. மிகவும் நன்றி. 24 ஜனவரி 2026, சனிக்கிழமை காலை 10.00 மணிக்குப் பரீட்சை எழுத நான் தயார். அந்த நேரம் எனக்கு வசதியானது, மாற்றம் எதுவும் தேவையில்லை.

ஆனால் நேரத்தைப் பற்றியே ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. மின்னஞ்சலில் காலை 10.00 என்று இருக்கிறது. அதோடு வந்த நாட்காட்டிக் கோப்பைப் போனில் திறந்தால் காலை 7.30 என்று பதிவாகிறது. முதலில் என் போனில்தான் பிழை என்று நினைத்து அதன் நேர அமைப்பைப் பார்த்தேன், அது சரியாகவே இருக்கிறது. பிறகு கோப்பை நோட்பேட்டில் திறந்தபோது இந்த வரி இருந்தது:

```
DTSTART;TZID=Asia/Singapore:20260124T100000
```

சிங்கப்பூர் நேரம் UTC+8, நம்முடைய நேரம் UTC+5:30. அந்த இரண்டரை மணி வித்தியாசம்தான் 7.30 ஆகத் தெரிகிறது. பரீட்சைத் தளம் சிங்கப்பூர் நேரத்தில் அமைக்கப்பட்டிருப்பதால் இப்படி வந்திருக்கலாம். என் கேள்வி ஒன்றுதான்: பரீட்சைக்கான இணைப்பு உண்மையில் திறப்பது இலங்கை நேரம் காலை 10.00 மணிக்கா (அதாவது 04:30 UTC), 7.30 மணிக்கா? 10.00 என்றே நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பதில் வராவிட்டால் 7.15 மணிக்கே லப்டொப் முன்னால் இருப்பேன், அதில் எனக்குச் சிரமமில்லை. அந்தக் கோப்பு மற்ற விண்ணப்பதாரிகளுக்கும் போயிருந்தால், யாராவது நேரத்தைத் தவறவிடாமல் இருக்க ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

அடுத்தது இணைய வசதி. என் வீடு மண்டூரில். அங்கே 4ஜி மட்டும்தான், மழை பெய்தால் வேகம் விழுந்துவிடும். அதனால் களுவாஞ்சிகுடியில் ஃபைபர் இணைப்பு உள்ள மாமி வீட்டிலிருந்து எழுதப்போகிறேன். சனிக்கிழமை காலையில் குருமண்வெளிப் படகை நம்பி இருக்காமல் வெள்ளிக்கிழமை பின்னேரமே வாவியைக் கடந்து போய்விடுவேன். போன சனிக்கிழமை, 17ஆம் திகதி, சரியாகக் காலை 10 மணிக்கு அங்கே வேகத்தை அளந்து பார்த்தேன். இறக்கம் 40 எம்பிபிஎஸ், ஏற்றம் 11. கமெராவும் திரைப் பகிர்வும் சேர்ந்தால் ஏற்ற வேகம்தான் முக்கியம் என்பதால் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன நடக்கும் என்பது. போன வருடம் வேறோர் இடத்துக்கு இப்படி ஒரு பரீட்சை எழுதினேன். நாற்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனது, ரவுட்டரின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. லப்டொப்பில் பற்றரி இருந்தது. நாலு நிமிடத்தில் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத் திரும்ப நுழைந்தேன். திரையில் "உங்கள் அமர்வு முடிந்துவிட்டது" என்ற ஒரு வரி மட்டும் நின்றது. செய்து முடித்த 31 கேள்விகளுக்கும் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படித்துத் தயாராகி உட்கார்ந்த ஒரு பரீட்சை அப்படிப் போனது மனதை விட்டுப் போகவில்லை.

இம்முறை ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் கைகொடுக்காவிட்டால் போன் ஹொட்ஸ்பொட். வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் 75 நிமிடம் போனால் ஏறத்தாழ 560 எம்பி ஆகும் என்று கணக்குப் பார்த்து 3 ஜிபி டேட்டா போட்டுவிட்டேன். ஆனால் ஃபைபரிலிருந்து ஹொட்ஸ்பொட்டுக்கு மாறும்போது ஐபி முகவரியும் மாறும். உங்கள் தளம் அதை வேறொருவர் நுழைவதாக எடுத்து என்னை வெளியேற்றிவிடுமா? திரும்ப நுழைந்தால் விட்ட கேள்வியிலிருந்தே தொடரலாமா? விடைகள் ஒவ்வொன்றாகச் சேமிக்கப்படுகின்றனவா, கடைசியில் சமர்ப்பிக்கும்போதுதானா? இணைப்பு இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுமா? ஓடும் என்றாலும் பரவாயில்லை, முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி எழுதுவேன். அப்படி ஏதும் நடந்தால் உடனே அழைக்க ஒரு தொலைபேசி இலக்கமும் தந்தால் பெரிய உதவி.

பாதுகாக்கப்பட்ட உலாவி ஒன்றை நிறுவ வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாவிக்கப்போவது மச்சாளின் லப்டொப். அதில் Windows 10 தான் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. உங்கள் உலாவி அதில் இயங்குமா, அல்லது Windows 11 கட்டாயமா? நிறுவும்போது நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும் என்றால், அதை வைத்திருப்பவர் கொழும்பில் வேலை செய்யும் மச்சாள். இன்னொருவரின் கடவுச்சொல்லைப் போனில் கேட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. புதன்கிழமை இரவு அவர் வீட்டுக்கு வந்து வியாழன் இரவு திரும்பிவிடுவார். அதற்குள் நிறுவக்கூடிய கோப்பு கிடைத்தால் அவர் கையாலேயே முடித்துவிடலாம். ஒரு மாதிரிப் பரீட்சை இணைப்பும் இருந்தால் அன்றே கமெரா, மைக் எல்லாம் சரிபார்த்துவிடுவேன்.

லப்டொப்பின் சொந்தக் கமெரா மங்கலாக இருப்பதால் யூஎஸ்பி கமெரா ஒன்று பூட்டியிருக்கிறேன். அதற்கு அனுமதி உண்டா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எண்கணிதப் பகுதிக்கு வெற்றுத் தாளும் பேனையும் மேசையில் வைக்கலாமா, திரையிலேயே கல்குலேற்றர் இருக்குமா என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். விண்ணப்பத்தில் என் பெயரை முதலெழுத்துடன் எழுதியிருந்தேன். தேசிய அடையாள அட்டையில் தந்தையின் பெயரும் சேர்த்து முழுப்பெயர் இருக்கிறது. கமெரா முன்னால் அட்டையைக் காட்டும்போது இரண்டும் பொருந்தவில்லை என்று தடை வந்துவிடக்கூடாது. தேவையென்றால் அட்டையின் பிரதியை இப்போதே அனுப்புகிறேன்.

நீண்ட மின்னஞ்சலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் தர முடியாவிட்டால் பரீட்சை நேரம், உலாவி, இணைப்பு அறுந்தால் என்ன செய்வது, இந்த மூன்றுக்கும் மட்டும் புதன்கிழமை மாலைக்குள் பதில் கிடைத்தால் போதும். தொலைபேசியில் சொல்வது இலகு என்றால் விண்ணப்பத்தில் உள்ள இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
சுகந்தினி
விண்ணப்ப இலக்கம் 0417
மண்டூர், மட்டக்களப்பு