காசிக்குப் புறப்படுவோருக்கு வழிவாழ்த்து

(தேவிபட்டினத்திலிருந்து வேனில் காசிக்குப் புறப்படும் தம்பி குடும்பத்துக்கு அக்காள் பாடும் வாழ்த்து)

உப்பூரில் வெயிலுகந்த பிள்ளையாரே, வண்டி கிளம்புமுன் உம்மை வணங்குகிறோம்;
உம் வாசலில் சிதறிய தேங்காயைப் போல வழித்தடைகள் யாவும் சிதறிப் போகட்டும்.

கடலுக்குள் கல்லாய் நின்று, அலை அடித்தும் அசையாத ஒன்பது கோள்களே,
என் தம்பி வீட்டார் மீது நல்ல பார்வையே வைத்தருளுங்கள்.

சேதுக்கரை அனுமனே, மதுரை, சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாகபுரி என நீளும் நெடுஞ்சாலையில்
முன்சக்கரத்துக்கு முன்னே நீர் நடந்து, எதிர்வரும் லாரிகளை விலக்கி வழி காட்டுவீராக.

ஓட்டுநரின் கண்ணில் பின்னிரவுத் தூக்கம் ஏறாதிருக்கட்டும்;
ஏறினால், வண்டியை ஓரம் நிறுத்தி அவர் உறங்கி எழட்டும்.
இந்த வரத்தை இருமுறை கேட்கிறேன், மற்ற வரமெல்லாம் இதன் பின்னே வருபவை அல்லவா?

அம்மாவின் முழங்கால் வலிக்காதிருக்கட்டும். பிள்ளைகளின் வயிறு வேற்றூர்த் தண்ணீரைத் தாங்கட்டும்.

வைகையும் காவிரியும் கிருஷ்ணையும் கோதாவரியும் நருமதையும் வழிவிட, யமுனை கங்கையைச் சேரும் பிரயாகையில்
முடிந்து கொண்டுபோகும் சேது மணலை முறைப்படி கரைத்து,
கங்கை நீர் முகந்து திரும்பி, இராமேசுவரத்தில் இராமநாதர் திருமேனி குளிர அபிஷேகம் செய்வீர்களாக.

காசி விசுவநாதரே, ஏறிய அனைவரையும் குறைவின்றி எங்கள் கரைக்கு அனுப்பிவையும்.
தம்பி, நல்ல நேரம் இருக்கும்போதே புறப்படுங்கள். நலமாய்ப் போய் வாருங்கள்.