நங்கநல்லூர் தம்பதிக்கான பாண்டு ஏணி: ஜனவரி 2026 முதல் ஆகஸ்ட் 2032 வரை

ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நீங்கள் கேட்டது அதிக வட்டி இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு கைக்கு வரும் என்பது இன்றே தெரிய வேண்டும் என்றீர்கள். அதனால் வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும் பாண்டுகளைப் படிகளாக அடுக்கும் இந்த ஏணித் திட்டத்தில் ஒவ்வொரு பாண்டையும் முதலில் அதன் தேதிக்காக எடுத்தோம், வட்டியைப் பிறகுதான் பார்த்தோம்.

கணக்கு இதுதான். மாதச் செலவு 45,000. இ.பி.எப். பென்ஷன் 5,500. போன ஆகஸ்டில் தபால் நிலையத்தில் போட்ட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 30 லட்சத்துக்கு 8.2 சதவீதத்தில் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500. இரண்டும் சேர்ந்து 26,000. மாதம் 19,000 குறைகிறது. இதை நிரப்பத்தான் மீதமுள்ள 26 லட்சம். வங்கி எப்.டி.யில் இருக்கும் 3 லட்சம் அவசரத்துக்கு. அது ஏணிக்குள் வராது.

ஆறு படிகள். ஆறும் மத்திய அரசு பாண்டு, பெயரில் வரும் GS அதைத்தான் குறிக்கிறது. ஒவ்வொன்றிலும் முகமதிப்பு, அதாவது முதிர்வில் திரும்பும் தொகை, 4,00,000.

| பாண்டு | முதிர்வு | நீங்கள் தரக்கூடிய உச்ச விலை (100-க்கு) | அரையாண்டு வட்டி | வட்டி மாதங்கள் |
|---|---|---|---|---|
| 7.38% GS 2027 | 20.06.2027 | 102.40 | 14,760 | ஜூன், டிசம்பர் |
| 7.06% GS 2028 | 10.04.2028 | 102.55 | 14,120 | ஏப்ரல், அக்டோபர் |
| 7.10% GS 2029 | 18.04.2029 | 103.05 | 14,200 | ஏப்ரல், அக்டோபர் |
| 7.32% GS 2030 | 13.11.2030 | 104.25 | 14,640 | மே, நவம்பர் |
| 7.02% GS 2031 | 18.06.2031 | 102.65 | 14,040 | ஜூன், டிசம்பர் |
| 7.26% GS 2032 | 22.08.2032 | 103.55 | 14,520 | பிப்ரவரி, ஆகஸ்ட் |

ஆண்டு வட்டி மொத்தம் 1,72,560. சராசரியாக மாதம் 14,380. இன்னும் மாதம் 4,620 குறையும். 2027 ஜூன் வரைக்கும் 17 மாதத்துக்கு அது 78,540 ஆகிறது. ஏணி வாங்கியதுபோக மிஞ்சும் தொகை இதைத் தாங்கும். கணக்கு கீழே.

உச்ச விலையிலேயே எல்லாம் கிடைத்தால் பாண்டுகளுக்கு 24,73,800. அதோடு நிற்காது. வாங்கும் நாள்வரை சேர்ந்துவிட்ட வட்டியை விற்பவருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஜனவரி 20 அன்று பணம் கைமாறினால் ஆறுக்கும் சேர்த்து அது 37,446. மொத்தம் 25,11,246. மிச்சம் 88,754 சேமிப்புக் கணக்கில் நிற்கட்டும்.

இந்தச் சேர்ந்த வட்டியில்தான் பலர் குழம்புகிறார்கள். 7.26% GS 2032 கடைசியாக வட்டி கொடுத்தது ஆகஸ்ட் 22. அரசு பாண்டுக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள் என்றுதான் கணக்கு. அதன்படி ஜனவரி 20 வரை 148 நாள். 4 லட்சத்துக்கு 11,939 ரூபாய் நீங்கள் முன்பணமாகக் கொடுப்பீர்கள். பிப்ரவரியில் 14,520 வரும்போது ஒரே மாதத்தில் இவ்வளவு வட்டியா என்று நினைக்க வேண்டாம். அதில் 11,939 உங்கள் பணமே திரும்புகிறது.

விலை 100-க்கு மேல் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். வட்டி 7 சதவீதத்துக்கு மேல் தெரிந்தாலும், கூடுதலாகக் கொடுக்கும் 73,800 முதிர்வில் திரும்பாது. 100-க்கு 100தான் வரும். அதைக் கழித்தால் உண்மையான வருமானம் முதல் படியில் சுமார் 5.6 சதவீதம், கடைசிப் படியில் சுமார் 6.6. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் “ஏழரை சதவீத அரசு பாண்டு” என்று விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

வரியிலும் இதற்கு ஒரு விளைவு உண்டு. வட்டி முழுவதும் வருமானத்தில் சேரும்; 73,800 மூலதன நஷ்டமாகத்தான் நிற்கும், வட்டியில் கழிக்க முடியாது. புதிய வரி முறையில் உங்கள் மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் அடங்குவதால் வரி இல்லை, ஆகவே இது உங்களைப் பாதிக்காது. வருமானம் அதிகமுள்ளவருக்கு இதே ஏணியைப் போட்டிருந்தால் விலை 100-ஐ ஒட்டிய பாண்டுகளைத்தான் தேடியிருப்போம். இந்தப் பாண்டு வட்டியில் டி.டி.எஸ். பிடிக்கமாட்டார்கள். தபால் நிலையத்தில் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

வாங்கும் இடம் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட்: rbiretaildirect.org.in. கணக்கு தொடங்கவும் வைத்திருக்கவும் கட்டணம் இல்லை. ஐயா பெயரில் மட்டும் வேண்டாம், இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். நாமினியாக மகனையும் மகளையும் போடுங்கள், இரண்டு பேர் வரை ஏற்கிறார்கள். நம் ஊரில் இங்கே சிக்குவது பெரும்பாலும் இனிஷியல்தான். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், ஆதாரில் ஓர் எழுத்து இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். கே.ஒய்.சி. திரும்பி வருவதற்கு இது போதும். அம்மாவின் ஆதாரில் இந்த வித்தியாசம் இருக்கிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.

நமக்கு வேண்டியவை பழைய பாண்டுகள் என்பதால் ஏலத்தில் கிடைக்காது, ஏற்கனவே வைத்திருப்பவர்கள் விற்கும் இரண்டாம் சந்தையில் வாங்க வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன் நெட் பேங்கிங் வழியாகப் பணத்தை அனுப்பிவிட வேண்டும்; அனுப்பிய அளவுக்குத்தான் வாங்க முடியும். பொங்கல் முடிந்து ஜனவரி 19 திங்களன்று ஆர்டர் போட்டால் மறுநாள் பணமும் பாண்டும் கைமாறும்.

திரையில் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். 7.26% GS 2032 பக்கத்திலேயே 7.26% GS 2033 இருக்கும். 7.10% GS 2029 போலவே 7.10% GS 2034 இருக்கிறது. வட்டி ஒன்றுதான், ஆண்டு வேறு. இரண்டாவதில் தப்பாக விரல் பட்டால் 2029 ஏப்ரலில் வர வேண்டிய 4 லட்சம் 2034 ஏப்ரலுக்குப் போய்விடும். ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் முதிர்வுத் தேதியை மேலே உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

சிறு தொகைக்கு எதிரே விற்பவர் உடனே கிடைக்காமல் போகலாம், அல்லது 4 லட்சத்தில் 1.5 லட்சம் மட்டும் கிடைக்கலாம். 10,000-இன் மடங்கில் வந்தால் எடுத்துக்கொண்டு மீதிக்கு மறுநாள் மறுபடி போடுங்கள். மூன்று நாளாகியும் கிடைக்கவில்லை என்றால் விலையை 10 பைசா ஏற்றலாம். 4 லட்சத்துக்கு அது 400 ரூபாய்தான். 30 பைசாவுக்கு மேல் ஏற்றவேண்டி வந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

பணம் வரும் நாட்களில் இரண்டு விதி. வட்டித் தேதி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் வரும், அசல் மட்டும் முந்தைய வேலை நாளிலேயே வந்துவிடும். இந்தப் பிப்ரவரி 22 ஞாயிறு, ஆகவே வட்டி 23 திங்களன்று. 2027 ஜூன் 20 ஞாயிறு. 4 லட்சம் 18 வெள்ளியே வரும். 2032 ஆகஸ்ட் 22-உம் ஞாயிறுதான், அந்த அசல் 20 வெள்ளியில். ரீடெய்ல் டைரக்டில் இணைத்த வங்கிக் கணக்கை மூடினாலோ, வங்கி இணைப்பால் ஐ.எப்.எஸ்.சி. மாறினாலோ உடனே அங்கே மாற்றுங்கள்.

ஒவ்வொரு படியின் வேலையும் முடிவாகியிருக்கிறது. 2027 ஜூனில் வரும் 4 லட்சத்தில் அடுக்ககத்துக்குப் பெயின்ட் அடிக்க உங்கள் பங்கு 1.5 லட்சம், இரண்டு ஆண்டு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 1.6 லட்சம், 2028 ஏப்ரல் வரை மாதம் 9,000 வீதம் 90,000. முதல் படி போனதும் மாதம் 2,460 வட்டி குறைவதையும் விலைவாசியையும் சேர்த்துத்தான் 4,620-ஐ 9,000 ஆக்கினோம். 2028-இல் பேத்தி கல்லூரிக்கு 2 லட்சம், மீதி வீட்டுச் செலவுக்கு.

ஏணியில் பலவீனமான இடம் 2029 ஏப்ரலுக்கும் 2030 நவம்பருக்கும் நடுவில் உள்ள 19 மாதம். நடுவில் இன்னொரு படி சேர்த்தால் 4 லட்சத்தைத் துண்டு துண்டாக்க வேண்டும், சிறு தொகையில் வாங்குவது இன்னும் கடினம். அதற்குப் பதில் 2029 ஏப்ரலில் வருவதில் 2 லட்சத்தை அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான 364 நாள் கருவூல உண்டியலில் போடுங்கள். 2030 ஏப்ரலில் முழுதாகத் திரும்பும். புதன்கிழமை ஏலத்தில் இதே கணக்கு வழியாக வாங்கலாம். 2030 ஆகஸ்டில் தபால் நிலைய 30 லட்சமும் முதிர்கிறது. அதை மூன்று ஆண்டு நீட்டிக்கலாம், ஆனால் அன்றைய வட்டியில்தான். 8.2 தொடரும் என்று நம்பி எதையும் கணக்கிடவில்லை.

எப்.டி.யை ஏன் விட்டோம்? முதல் இரண்டு படிக்கு எப்.டி. போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. இந்தத் தொகையை நாலைந்து வங்கியில் பிரித்துக்கொண்டு அலைய வேண்டும் என்பதே காரணம். மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் நிதி நிறுவனங்கள் தருவதாகச் சொல்லும் 10, 11 சதவீதத்துக்கும், செயலிகளில் வரும் கம்பெனி பாண்டுக்கும் இந்த ஏணியில் இடமில்லை. வங்கி பாண்டு என்றாலே பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு 2020 மார்ச்சில் வங்கி நெருக்கடியில் அசலே இல்லாமல் போகக்கூடிய ஏ.டி.1 வகை பாண்டுகளில் யெஸ் வங்கி வெளியிட்ட 8,415 கோடி ரூபாய், வாங்கியவர்களுக்கு எதுவும் திரும்பாமல் தள்ளுபடி ஆனதும், அதைத் தொடர்ந்த வழக்குகளும் நினைவிருக்க வேண்டும்.

இடையில் சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறினால் 2032 படியின் மதிப்பு திரையில் ஏறத்தாழ 20,000 குறைந்து சிவப்பில் தெரியும். விற்காதவரை அது உங்களுக்கு நஷ்டம் இல்லை. 2032-இல் வருவது 4 லட்சம்தான். அவசரம் வந்தால் முதலில் எப்.டி.யை உடையுங்கள், அதற்கும் போதாவிட்டால் முதிர்வுக்கு அருகில் உள்ள படியை விற்றுக்கொள்ளுங்கள். தூரத்துப் படியில் கை வைக்க வேண்டாம்.

எந்தப் படியிலாவது பணம் மிஞ்சினால் 7.18% GS 2033 வாங்குங்கள். அது 2033 ஆகஸ்ட் 14-இல் முதிரும், ஏணி ஓர் ஆண்டு நீளும்.

ஆதார் திருத்தம் முடிந்ததும் சொல்லுங்கள், கணக்கு தொடங்கும்போது உடன் இருக்கிறோம். அது 19-ஆம் தேதிக்குள் முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம், சேர்ந்த வட்டியை மட்டும் புதிய தேதிக்குக் கணக்கிட்டு அனுப்புகிறோம். ஆறு ஆர்டரும் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் கிடைத்த விலையை அட்டவணையின் ஓரத்தில் எழுதி, ஒரு நகலை மகளிடம் கொடுத்துவையுங்கள்.