ஓய்வுக்குப் பின் பணிக்கொடையில் பிடித்தம்: நீதிப்பேராணை மனு

சென்னை உயர்நீதிமன்றம், மதுரைக் கிளை
(இந்திய அரசமைப்பின் 226-ஆவது கூறின்படி)

சு. மாரிமுத்து, த/பெ. சுப்பையா, மானாமதுரை, சிவகங்கை மாவட்டம் … மனுதாரர்

எதிராக

1. தலைமைப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை
2. கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை … எதிர்மனுதாரர்கள்

மனுதாரரின் பிரமாண வாக்குமூலம்

1. 14.03.1997-இல் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தேன். பத்தாண்டு முடிந்ததும் 14.03.2007 முதல் தேர்வுநிலை ஊதியத்தை அலுவலகமே நிர்ணயித்து வழங்கியது. 31.05.2025-இல் ஓய்வு பெற்றேன். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை.

2. அதன்பின் 2-ஆம் எதிர்மனுதாரர், ந.க.எண் 1846/2025/அ2, நாள் 18.06.2025 ஆணையில், 2007-இல் செய்த ஊதிய நிர்ணயம் தவறு எனத் தணிக்கைத் தடை வந்துள்ளதாகக் கூறி, எனது பணிக்கொடை ரூ.7,42,500-இல் ரூ.2,18,640-ஐப் பிடித்து, மீதி ரூ.5,23,860-ஐ மட்டும் வழங்கினார். தணிக்கைக் குறிப்போ கணக்கீட்டுத் தாளோ ஆணையுடன் இணைக்கப்படவில்லை. 04.07.2025-இல் பெறப்பட்ட எனது முறையீட்டுக்குப் பதில் இல்லை.

ஆதாரக் காரணங்கள்

அ. ஆணைக்கு முன் அறிவிப்பு தரப்படவில்லை, விளக்கமும் கேட்கப்படவில்லை. பணப் பாதிப்பு உண்டாக்கும் ஆணையை இப்படிப் பிறப்பிப்பது இயற்கை நீதிக்கும் கூறு 14-க்கும் முரணானது.

ஆ. பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மாசிஹ், (2015) 4 எஸ்.சி.சி. 334 தீர்ப்பு, ‘சி’, ‘டி’ பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றோரிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்த மிகை ஊதியத்திலும் பிடித்தம் கூடாது என்கிறது. இவற்றில் ஒன்று பொருந்தினாலே போதும். நான் ‘சி’ பிரிவு ஊழியர், ஆணைக்கு முன்பே ஓய்வு பெற்றவர், மிகை எனப்படும் தொகையோ பதினெட்டு ஆண்டுக் காலத்தது.

இ. ஊதிய நிர்ணயத்தில் நான் தகவல் எதையும் மறைக்கவில்லை. மிகைத் தொகையைத் திருப்பிச் செலுத்துவதாக என்னிடம் உறுதிமொழி ஏதும் பெறப்படவில்லை. எனவே ஜக்தேவ் சிங் வழக்கில் (2016) உறுதிமொழி அளித்தவருக்குச் சொல்லப்பட்ட விதிவிலக்கு எனக்குப் பொருந்தாது.

ஈ. பணிக்கொடை எனது சொத்து. சட்ட அதிகாரமின்றி அதை நிறுத்துவது கூறு 300-அ-வை மீறுவதாகும். எந்த விதியின்கீழ் பிடிக்கப்படுகிறது என்று ஆணை சொல்லவே இல்லை.

3. இந்த ஆணையைப் பிடித்தம் செய்யும் அளவில் மட்டுமே எதிர்க்கிறேன். பலனுள்ள மாற்றுப் பரிகாரம் எனக்கு இல்லை. இதே கோரிக்கைக்கு வேறு எந்த மனுவும் தாக்கல் செய்யவில்லை.

இடைக்காலக் கோரிக்கை

இம்மனு முடியும் வரை, மேற்படி ஆணையின் பிடித்தப் பகுதிக்குத் தடை விதித்து, ரூ.2,18,640-ஐ அரசுக் கணக்கில் சேர்க்காமல் இருக்க 2-ஆம் எதிர்மனுதாரருக்கு உத்தரவிட வேண்டும்.

முதன்மைக் கோரிக்கை

2-ஆம் எதிர்மனுதாரரின் ந.க.எண் 1846/2025/அ2, நாள் 18.06.2025 ஆணை தொடர்பான ஆவணங்களை வரவழைத்து, பணிக்கொடையில் ரூ.2,18,640 பிடிக்கும் அளவில் அதை ரத்து செய்து, அத்தொகையை 01.06.2025 முதல் வழங்கும் நாள் வரை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியுடன் எட்டு வாரத்துக்குள் எனக்கு வழங்குமாறு எதிர்மனுதாரர்களுக்கு ஆணையிடும் செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் வகை நீதிப்பேராணை பிறப்பித்து, வழக்கின் சூழலுக்கேற்ற பிற உத்தரவுகளையும் பிறப்பித்து நீதி வழங்க வேண்டுகிறேன்.

மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, உண்மை என உறுதி கூறி, 11.08.2025 அன்று மதுரையில் வழக்கறிஞர் முன்னிலையில் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) சு. மாரிமுத்து