ஓசூர் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, தம்பி

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் வீடு தேடி வந்து கொடுத்த பத்திரிகை, மூலையில் மஞ்சள் தடவினபடியே, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிற போகிற ஆளிடமெல்லாம் மாமியார் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஓசூருக்கு எங்களால் வர முடியாது போலிருக்கிறது. உங்களிடம் சாக்கு சொல்ல மனசு வரவில்லை. ஆனி மாசம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் என்று கை காலியாகிற நேரம். நாகர்கோவிலிலிருந்து நாலு பேர் போய்வர, தட்கலில் பார்த்தால் டிக்கெட் செலவே கைக்கு மீறிப் போகிறது. என்னை மட்டும் போகச் சொன்னார் அவர். உங்கள் கல்யாணத்துக்கு ஒற்றையாக வந்து நிற்க எனக்குத்தான் பிடிக்கவில்லை.

இதற்காக நீங்கள் டிக்கெட் போடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம், சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டில் ஆயிரம் செலவு இருக்கும்.

ஆபீஸிலிருந்து கிளம்பும் செட்டிடம் ஒரு டப்பா முந்திரிக்கொத்தும் சின்ன கவரும் கொடுத்தனுப்புகிறேன். முந்திரிக்கொத்து நானே செய்தது, கொஞ்சம் கெட்டியாக இருந்தால் திட்டாதீர்கள். லீவு முடிந்து வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட வேண்டும். அவியல், புளிசேரி, அடைப்பிரதமன் எல்லாம் உண்டு. பெண்ணுக்கு மீன் ஆகுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு பேரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
பக்கத்து சீட் அக்கா