முளைப்பாரி ஊர்வலத்தைப் படமெடுக்க அனுமதி கோரி

தேவிபட்டினம்
22.07.2025

அனுப்புநர்:
மு. கனகவல்லி,
கடற்கரைத் தெரு.

பெறுநர்:
தலைவர் மற்றும் விழாக்குழுவினர்,
முத்துமாரியம்மன் கோயில்.

பொருள்: முளைப்பாரி ஊர்வலத்தைப் படமெடுக்க அனுமதி வேண்டுதல்.

பெரியவர்களுக்கு வணக்கம்.

ஆடி கடைசிச் செவ்வாய், ஆகஸ்ட் 12 அன்று நம் கோயிலிலிருந்து கடற்கரைக்குப் புறப்படும் முளைப்பாரி ஊர்வலத்தையும், அதற்கு முந்தைய இரவுகளில் நடக்கும் கும்மியையும் படமெடுக்க அனுமதி வேண்டுகிறேன்.

எனக்கு முக்கியம் கும்மிப் பாட்டுதான். விதை போடுவதில் தொடங்கி அம்மனை வழியனுப்புவது வரை முழுப் பாட்டையும் எடுத்துக் கொடுக்கிறவர்கள் என் அப்பத்தா வயதுக்காரர்கள்தான். என் வயதுப் பெண்களுக்குக் கைத்தட்டு வருகிறது, அடுத்த அடி வருவதில்லை. அந்தக் குரல்கள் தெளிவாகப் பதிவாக வேண்டும். ஆடிக் காற்று மைக்கில் இரையும் என்பதால், பாட்டெடுப்பவர் பக்கத்தில் ஒலிப்பதிவாளர் ஒருவர் நிற்க மட்டும் இடம் கொடுங்கள். அவரும் பெண்தான். கேமரா என் கையில் இருக்கும். வேறு ஆட்கள் இல்லை.

கடந்த ஆண்டு செல்போனை நீட்டிக்கொண்டு பாரிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தவர்களால் வரிசை தடுமாறியதையும், குழுவினர் கோபப்பட்டதையும் நானும் பார்த்தேன். கோபம் நியாயமானது. தலையில் பாரியோடு, செருப்பில்லாமல் வருகிறவர்களுக்கு வழிதான் முதலில் தேவை. நாங்கள் வரிசைக்கு வெளியே, ஓரமாகவே நடப்போம். விளக்கு எதுவும் போட மாட்டோம். பாரி வளரும் இருட்டறைப் பக்கம் வரவே மாட்டோம். வெயில் படாமல் வளர்கிற நாற்றின் மீது கேமரா வெளிச்சம் படுவதை நானே விரும்பவில்லை.

அருள் வந்து ஆடுகிறவர்களின் முகத்தை அவர்களும் வீட்டாரும் பிறகு பார்த்துச் சம்மதித்தால்தான் படத்தில் வைப்போம். பள்ளிவாசல் முன்பு கொட்டுமேளத்தை நிறுத்திக் கடக்கிற இடத்தைப் படமெடுப்பது பற்றி ஜமாத்தாரிடமும் தனியே கேட்டிருக்கிறேன்.

டிரோன் கிடையாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, இது எல்லைக் கடற்கரை. கேட்டாலும் கிடைக்காது, நான் கேட்கப் போவதுமில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேண்டுகோள்: பாரியைக் கடலில் கரைக்கும்போது எதிர்ப்புறமிருந்து எடுக்க, ஒரு வள்ளத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டும். நம் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. வள்ளக்காரர் கூலி என் பொறுப்பு.

படத்தை விற்க மாட்டேன். வெளியிடும் முன் குழுவினருக்கும் பாட்டெடுத்த பெண்களுக்கும் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டுவேன். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் பகுதியை நீக்கிவிடுவேன். பாட்டு முழுவதையும் பென் டிரைவில் கோயிலுக்குத் தருவேன்.

ஆகஸ்ட் 5 அன்று காப்புக் கட்டு. அதற்கு முன் முடிவு தெரிந்தால் மதுரையிலிருந்து ஒலிப்பதிவாளரை வரச் சொல்ல வசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்தால் நேரில் வந்து பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மு. கனகவல்லி